வார்த்தைக் கணக்குக்கு எந்தச் சார்ட்? நான்கு வடிவங்களும் ஒரே கணக்கும்

நான்காம் வகுப்புச் சுவரில் வார்த்தைக் கணக்குக்கென்று மாட்டப்படும் ஆங்கர் சார்ட் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்: குறிச்சொல் பட்டியல், வட்டமும் கட்டமும் போடச் சொல்லும் ‘க்யூப்ஸ்’, போல்யாவின் நான்கு படிகள், மூன்று வாசிப்பும் பட்டைப் படமும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். ஒரே கணக்கை நான்கிலும் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் வெளியே வந்துவிடும்.

கணக்கு இது: கவிதாவிடம் 48 மணிகள் இருக்கின்றன. இது ரவியிடம் இருப்பதைவிட 15 அதிகம். இருவரிடமும் சேர்த்து மொத்தம் எத்தனை மணிகள்?

ரவியிடம் 33, இருவருக்கும் சேர்த்து 81. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்தக் கூட்டலும் கழித்தலும் பெரிய விஷயமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ரவியின் எண் கணக்கில் எழுதப்படவே இல்லை. அதைக் கண்டுபிடிக்க, ‘அதிகம்’ என்ற சொல் நிற்கும் வரியில் கழிக்க வேண்டியிருக்கிறது.

குறிச்சொல் சார்ட் இங்கேயே விழுந்துவிடுகிறது. ‘மொத்தம், அதிகம் என்றால் கூட்டு, மீதி, குறைவு என்றால் கழி, ஆளுக்கு என்றால் வகு’ என்று சுவரில் இருந்தால், பிள்ளை 48-உடன் 15-ஐக் கூட்டி 63 என்று நிறுத்திவிடும். கொஞ்சம் விவரமான பிள்ளை 63-ஐ ரவியின் எண்ணாக எடுத்துக்கொண்டு, 48-ஐயும் சேர்த்து 111 என்று எழுதும். இரண்டு பேருமே சார்ட் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள். இந்தச் சார்ட் இன்னும் புழக்கத்தில் இருப்பதற்குக் காரணம், ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் கணக்குகள் பெரும்பாலும் ஒரே படியில் முடிவதும் சொல்லும் செயலும் அங்கே பொருந்திப் போவதும்தான். இரண்டு படிக் கணக்கு வந்ததும் அந்தப் பொருத்தம் உடைகிறது. ‘ஆளுக்கு’ என்பதையே பாருங்கள். 8 பேருக்கு ஆளுக்கு 6 லட்டு என்றால் பெருக்கல். 48 லட்டை 8 பேர் பிரித்தால் ஆளுக்கு எத்தனை என்றால் வகுத்தல். நான்காம் வகுப்பில் இந்தச் சார்ட்டைக் கழற்றிவிடுவதே மேல்.

க்யூப்ஸ் முறையில் எண்களை வட்டமிட வேண்டும், கேள்வியை அடிக்கோடிட வேண்டும், முக்கியச் சொற்களைக் கட்டம் கட்ட வேண்டும், பிறகு எந்தச் செயல் என்று முடிவுசெய்து, விடை கண்டு சரிபார்க்க வேண்டும். இதில் வைத்துக்கொள்ளத் தக்கது கேள்வியை அடிக்கோடிடுவது ஒன்றுதான். முதல் வேலையே எண்களைத் தேடுவது என்பதால், கதை என்ன என்று தெரியும் முன்பே 48-ம் 15-ம் பிள்ளையின் கையில் வந்துவிடுகின்றன. கையில் இரண்டு எண் இருந்தால் எதையாவது செய்துபார்க்கத் தோன்றும். ‘ஒரு டஜன்’, ‘இரண்டு வாரம்’ போன்றவை இலக்கத்தில் இல்லாததால் வட்டத்துக்குள் வராது. ‘4ஆம் வகுப்பு மாணவர்கள்’ என்பதில் உள்ள 4 தேவையில்லாமல் வந்து நிற்கும். கட்டம் கட்டும் படி, பின்வாசல் வழியாகக் குறிச்சொல்லை மறுபடி உள்ளே விடுகிறது. நோட்டு முழுக்கக் கோடும் வட்டமுமாக இருப்பதால் பிள்ளை யோசித்திருக்கிறது என்று ஆசிரியரும் நம்பிவிடுகிறார்.

ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1945-இல் எழுதிய நூலில் தந்த வரிசை வேறு மாதிரி: புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். புரிதலை முதலில் வைப்பதால் வரிசையில் குறையே இல்லை. ஆனால் ‘புரிந்துகொள்’ என்பதைப் படித்த ஒன்பது வயதுப் பிள்ளை கையால் என்ன செய்யும்? ‘திட்டமிடு’ என்ற இடத்தில் ‘கூட்டப் போகிறேன்’ என்று எழுதி அடுத்த படிக்குப் போய்விடும். எலும்புக்கூடு சரி, சதை இல்லை.

அந்தச் சதையைத் தருவது மூன்று வாசிப்பும் பட்டைப் படமும். சிங்கப்பூர் தொடக்கப் பள்ளிகளில் 1980-களில் நிலைபெற்ற பட்டைப் படத்தை, கணக்கை மூன்று முறை வெவ்வேறு நோக்கத்தோடு வாசிக்கும் பழக்கத்தோடு சேர்ப்பதுதான் இந்த வடிவம். முதல் வாசிப்பில் எண்களைத் தாள் துண்டால் மூடிவிட வேண்டும். ‘கவிதாவிடம் மணி இருக்கிறது, ரவியிடமும் இருக்கிறது, கவிதாவிடம்தான் அதிகம்’ என்று பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். இரண்டாவதில் கேள்வி மட்டும். மூன்றாவதில் எண்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எதன் எண்ணிக்கை என்று கேட்க வேண்டும். ‘15 யாருடையது?’ என்ற கேள்விக்கு ‘ரவியுடையது’ என்று பதில் வந்தால், தப்பு எங்கே நடக்கப்போகிறது என்பது கணக்குப் போடும் முன்பே தெரிந்துவிடும். 15 யாருடையதும் இல்லை, அது வித்தியாசம்.

பிறகு படம். பெயர்களை இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டு பட்டைகளையும் ஒரே நேர்க்கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். கவிதாவின் பட்டை நீளம், அதற்குள் 48. ரவியின் பட்டை குட்டை, அது முடியும் இடத்திலிருந்து கவிதாவின் முனை வரை உள்ள இடைவெளியில் 15. வலப்பக்கம் இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்பு, அதில் கேள்விக்குறி. ரவியின் பட்டைக்குள் எண் இல்லை என்பது பளிச்சென்று தெரிவதால், அதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்று பிள்ளைக்கே தோன்றும்.

இதிலும் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் உண்டு. 48-க்கு 48 சின்னக் கட்டங்களை வரைந்து பாதி நேரத்தைத் தொலைப்பார்கள். பட்டை அளவுகோல் இல்லை, எது பெரியது என்று தெரிந்தால் போதும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இடப்பக்கத் தொடக்கம் கோணிப்போனால் வித்தியாசம் படத்தில் தப்பாகத் தெரியும். மணி நேரக் கணக்குகளுக்குப் பட்டையைவிட எண்கோடுதான் வசதி. மூன்று முறை வாசிப்பதால் ஒரு பாடவேளையில் இரண்டு, மூன்று கணக்குகளுக்கு மேல் ஓடாது. பத்துக் கணக்கை முடித்தாக வேண்டும் என்ற கெடுபிடி இருக்கும் வகுப்பில் இந்த முறை பெயரளவுக்குத்தான் நடக்கும்.

ஆகவே வரிசையைப் போல்யாவிடமிருந்தும் அடிக்கோட்டைக் க்யூப்ஸிலிருந்தும் எடுத்துக்கொண்டு, வேலையை மூன்று வாசிப்பிடமும் பட்டையிடமும் விடலாம். சார்ட்டில் இவ்வளவு போதும்:

1. என்ன கதை? (எண்ணை மூடு)
2. என்ன கேள்வி? (கோடு போடு)
3. இந்த எண் எதனுடையது?
4. படம் வரை
5. கணக்குப் போடு
6. கதையில் வைத்துப் பார்

22-க்கு 28 அங்குலச் சார்ட் தாளில், கடைசி வரிசைக்கும் தெரியும்படி ஓர் அங்குல உயரத்தில் எழுதினால், ஒரு வரியில் பன்னிரண்டு எழுத்துகளுக்கு மேல் வசதியாக உட்காராது. அதனால் அடைப்புக்குள் இருப்பதைச் சிறிய எழுத்தில் கீழே போடுங்கள். கவிதா–ரவி படத்தைப் படிகளுக்குப் பக்கத்தில் வரையலாம், ஆனால் வகுப்பில் கணக்கைப் போடும்போதே பிள்ளைகள் சொல்லச் சொல்ல வரைய வேண்டும். அச்சடித்து ஒட்டியதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆறாவது படியை ‘சரிபார்’ என்று எழுதினால் டிக் மட்டும்தான் விழும். 50 பேர் சுற்றுலா போகிறார்கள், ஒரு வேனில் 8 பேர் என்றால், வகுத்து ‘6, மீதி 2’ என்று முடிப்பார்கள். அதைக் கதையில் வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் சாலையில் நிற்பார்கள், எனவே 7 வேன். கவிதா கணக்கிலும் அப்படியே: 33-உடன் 15 சேர்த்தால் 48 வருகிறதா என்று பார்த்தால் போதும்.

சார்ட் வேலை செய்கிறதா என்று அறிய, 1980-இல் பிரான்சின் கிரெனோபிளில் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த விடையற்ற கணக்கைக் கொடுக்கலாம்: கப்பலில் 26 செம்மறி, 10 வெள்ளாடு, கப்பல் தலைவரின் வயது என்ன? அங்கே பெரும்பாலான பிள்ளைகள் எண்களைக் கூட்டியோ கழித்தோ ஒரு வயதை எழுதித் தந்தார்கள். உங்கள் வகுப்பிலும் பலர் 36 என்று எழுதினால், சார்ட்டை மாற்ற வேண்டாம். முதல் படியில் எண்ணை உண்மையிலேயே மூடுகிறார்களா என்று பாருங்கள்.