கிறிஸ்துமஸ் சந்தைக்கு நியூரம்பெர்க்கா, வியன்னாவா?

ஜெர்மனியின் நியூரம்பெர்க், ஆஸ்திரியாவின் வியன்னா இரண்டையும் எடைபோட்டு, டிசம்பர் முதல் பாதியில் நியூரம்பெர்க் போனேன். இன்னொரு முறை போனாலும் அங்கேதான் போவேன். அழகைப் பொறுத்தவரை இரண்டுமே சோடைபோகாது. முடிவு செய்ய வேண்டியது தேதியை வைத்துத்தான்.

நியூரம்பெர்க் சந்தை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி மாலை தொடங்கி டிசம்பர் 24-ஆம் தேதி மதியத்தோடு முடிந்துவிடும். அந்த ஞாயிறு ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2022-இல் நவம்பர் 25 அன்றே தொடங்கிய சந்தை, 2023-இல் டிசம்பர் 1 அன்றுதான் தொடங்கியது. கிட்டத்தட்ட ஒரு வாரம் குறைந்துவிட்டது. போன வருடத் தேதியைப் பார்த்து நவம்பர் கடைசிக்கு விமான டிக்கெட் எடுத்தால், கடைகள் திறக்காத சதுக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையை நம்பிக் கிளம்பினாலும் சிக்கல்தான். இங்கிருந்து போய்ச் சேர்வதற்குள் அங்கே கடையைக் கட்டிவிடுவார்கள்.

அந்த விடுமுறையில்தான் போக முடியும் என்பவர்களுக்கு வியன்னாவே சரி. நகர மண்டபத்தின் முன்னுள்ள சந்தை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் 26 வரை இருக்கும். ஷோன்ப்ரூன் அரண்மனைச் சந்தை புத்தாண்டு தாண்டியும் நடக்கிறது. நான் வியன்னா சந்தைகளை ஒரு மாலை மட்டுமே பார்த்தேன், அதுவும் வார நாளில். கிறிஸ்துமஸ் வாரக் கூட்டத்தைப் பற்றி என் அனுபவத்தில் சொல்ல எதுவும் இல்லை.

நியூரம்பெர்க்கில் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். கூடாரக் கடைகளுக்கு இடையே நகரக்கூட முடியாது. டிசம்பரில் மாலை நாலேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். செவ்வாய், புதன் போன்ற நாட்களில் நான்கரை மணிக்குப் போனால் விளக்கு முழுதும் எரியும், அலுவலகம் விட்டு வரும் கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது. ரொட்டிக்குள் மூன்று சிறிய சாசேஜ் வைத்துத் தருவதை அப்போது வரிசையில் நிற்காமல் வாங்கலாம்.

குளிர் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், பூஜ்ஜியத்தைச் சுற்றியே இருக்கும். எல்லோரும் கோட்டுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். ஆனால் சந்தையில் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம், அதுவும் கல் தரையில். முதலில் விறைப்பது பாதம்தான். அதனால் தடித்த ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவை அரை அளவு பெரிதாக வாங்கி, உள்ளே ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போடுங்கள். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். மேலே தெர்மல், ஸ்வெட்டர், காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போட்டால் போதும். ரயிலிலும் கடையிலும் ஹீட்டர் ஓடுவதால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம்.