நன்றியுரை எழுத மூன்று வழிகள்: பட்டியல், கதை, கணக்கு

முனைவர் பட்ட ஆய்வேட்டில் தேர்வாளர்கள் மதிப்பிடாத பகுதிகள் சமர்ப்பணமும் நன்றியுரையும்தாம். அதனாலேயே அவை பெரும்பாலும் சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவில், களைப்பும் நெகிழ்ச்சியும் கலந்த மனநிலையில் எழுதப்படுகின்றன. பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஆய்வேடு ஏற்றப்பட்ட பிறகு அவற்றை மாற்றுவது எளிதன்று என்பதையும், அதில் வரும் பெயர்கள் இணையத்தேடலில் நெடுங்காலம் கிடைத்துக்கொண்டிருக்கும் என்பதையும் அந்த இரவில் யாரும் நினைப்பதில்லை.

நான் படித்த நன்றியுரைகளைப் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம். உதவிய அனைவரையும் அடைமொழிகளோடு வரிசைப்படுத்துவது முதல் வகை. இதைப் பட்டியல் என்போம். ஆய்வு பிறந்து வளர்ந்த விதத்தைச் சொல்லி, வழியில் வந்தவர்களைக் குறிப்பிடுவது இரண்டாவது, இது கதை. யார் எதைச் செய்தார், அதனால் ஆய்வேட்டில் எது மாறியது என்று மட்டும் சொல்வது மூன்றாவது, இது கணக்கு. ‘இவ்வாய்வுக்கு உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வரியில் முடிப்பதையும் அடக்கம் என்று கருதுவோர் உண்டு. என் பார்வையில் அது அடக்கம் ஆகாது. நிதி யாருடையது, தரவு எப்படிக் கிடைத்தது என்று வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை அது விட்டுவிடுகிறது. யாரோடோ மனத்தாங்கல் இருந்ததோ என்ற ஐயத்தையும் தேவையின்றி எழுப்புகிறது.

மூன்றையும் ஒப்பிட ஒரு கற்பனை ஆய்வாளரை எடுத்துக்கொள்வோம். அவர் மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர்கள் 32 பேரை நேர்கண்டு ஆய்வேடு எழுதியிருக்கிறார். நல்கை கொடுத்த ஓர் அமைப்பு, நடுவில் ஓய்வுபெற்ற முதல் நெறியாளர், பிறகு பொறுப்பேற்ற இரண்டாம் நெறியாளர், உள்ளே நுழைய வழிசெய்த செவிலியர் கண்காணிப்பாளர், ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கியவர், நான்காம் இயலைப் படித்துக் குறை சொன்ன சக ஆய்வாளர், பிறகு தாயும் கணவரும் என்று அவர் நன்றி சொல்ல வேண்டியவர்கள் எட்டுத் தரப்பினர்.

பட்டியல் வழியில் அவர் இப்படித் தொடங்குவார்: ‘என் ஆய்வின் ஒவ்வோர் அடியிலும் கலங்கரை விளக்கமாய் நின்று வழிகாட்டிய என் நெறியாளர் அவர்களுக்கு என் சிரந்தாழ்ந்த நன்றியைக் காணிக்கையாக்குகிறேன்.’ அடுத்தவருக்கு ‘மனமார்ந்த நன்றி’, அதற்கடுத்தவருக்கு ‘இதயங்கனிந்த நன்றி’ என்று எழுதுவார். ஆறாவது ஆளுக்கு வரும்போது அடைமொழிகள் தீர்ந்துபோய் வெறும் ‘நன்றி’ மட்டுமே மிஞ்சும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்பதற்காகத்தான் அவர் அடைமொழிகளை மாற்றினார். ஆனால் அதில் பெயர் இடம்பெற்றவர்கள் படிக்கும்போது அது ஒரு தரவரிசையாகத் தெரியும். நவில்கிறேன், உரித்தாக்குகிறேன், தெரிவித்துக்கொள்கிறேன் என்று வினையை மாற்றிக்கொண்டே போவதிலும் இதே சிக்கல்தான். பட்டியலுக்கு ஒரு வலிமை உண்டு: யாரும் விடுபடமாட்டார்கள். ஆனால் அந்தக் கலங்கரை விளக்க வாக்கியத்தை அப்படியே பெயர்த்து வேறு எந்த ஆய்வேட்டில் ஒட்டினாலும் பொருந்தும் என்பது அதன் பெரிய குறை.

கணக்கு வழியில் அதே நெறியாளரைப் பற்றிய வரி வேறுவிதமாக அமையும்: ‘நேர்காணலுக்காக நான் வகுத்த வினாநிரலில் முதலில் 41 கேள்விகள் இருந்தன. அவற்றை 14 ஆகக் குறைக்கச் சொன்னவர் என் நெறியாளர். செவிலியர்கள் தம் போக்கில் பேச இடம் கிடைத்தது அதனால்தான். ஐந்தாம் இயல் அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது.’ இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. என்றாலும் நெறியாளர் எத்தகையவர் என்பது கலங்கரை விளக்கத்தைவிடத் தெளிவாகத் தெரிகிறது. அடக்கமான நன்றியுரை என்றால் குறைவான ஆட்களுக்கு நன்றி சொல்வது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆட்களைக் குறைக்க வேண்டியதில்லை. அடைமொழி நின்ற இடத்தில் செயலை வைத்தால் போதும்.

நெறியாளர் மாறிய நிலையில் இந்த வழியின் பயன் இன்னும் கூடுகிறது. ‘முதல் இரண்டு ஆண்டுகள், களப்பணி முடியும்வரை, நெறிப்படுத்தியவர் இன்னார்; பகுப்பாய்வையும் எழுத்தையும் நெறிப்படுத்தியவர் இன்னார்’ என்று காலத்தையும் பணியையும் சொன்னால் யாரையும் உயர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம். உறவு கசந்து முடிந்திருந்தாலும் இதே அமைப்பு தாங்கும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: மற்றவர்களுக்கும் அடைமொழி இருக்கக்கூடாது. ஏழு பேர் ‘அன்பிற்கினிய’ என்ற அடைமொழி பெற்று ஒருவர் மட்டும் வெறும் பெயராக நின்றால், மறைக்க நினைத்த கசப்பு அந்த வெற்றிடத்தில் வெளிப்பட்டுவிடும். ‘அவர்கள்’ என்ற மரியாதைச் சொல்லுக்கும் இதே விதிதான். முனைவர், பேராசிரியர் என்று பட்டம் வருமிடத்தில் மட்டும் அதைச் சேர்த்து, எழுத்தாக்கியவருக்கும் ஓட்டுநருக்கும் விட்டுவிடும் வழக்கம் எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கிறது. எல்லோருக்கும் இடுங்கள், அல்லது யாருக்கும் வேண்டாம். ‘-ஆர்’ விகுதியே மரியாதையைச் சுமந்துகொள்ளும்.

நல்கை அமைப்புக்கு இந்த வழிகள் எதுவும் தேவையில்லை. நல்கைக் கடிதத்தில் உள்ள பெயரையும் எண்ணையும் எழுத்துப் பிசகாமல் எடுத்து எழுத வேண்டும். குறிப்பிட்ட வாக்கியத்தையே பயன்படுத்தச் சொல்லியிருந்தால் அதை அப்படியே இட வேண்டும். தாராளம், பெருந்தன்மை என்றெல்லாம் சேர்ப்பதால் பயனில்லை.

கதை வழி மூன்றிலும் கவர்ச்சியானது. ‘ஒரு நள்ளிரவில், மூன்றாம் மாடி நடைவழியில், தேநீர்க் குவளையோடு நின்றிருந்த மூத்த செவிலியர் ஒருவர் சொன்ன வார்த்தையில்தான் இந்த ஆய்வு தொடங்கியது’ என்று படிக்கும்போது யாரும் பக்கத்தைப் புரட்டமாட்டார்கள். நல்ல எழுத்தாளர் கையில் இது ஆய்வேட்டின் மிகச் சிறந்த பக்கமாகவும் அமையலாம். ஆனால் இதில் ஆய்வாளர் கதைத்தலைவராகி, உதவியவர்கள் துணைப்பாத்திரங்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. களத்தில் மனிதர்களிடம் தரவு திரட்டிய எவரும் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

நம் ஆய்வாளர் ஒப்புதல் படிவத்தில் 32 பேருக்கும் அடையாளம் மறைக்கப்படும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆய்வேட்டுக்குள் எல்லோருக்கும் மாற்றுப்பெயர் இட்டிருக்கிறார். மருத்துவமனை ‘நகர்ப்புறப் பொது மருத்துவமனை’ என்று மட்டும் குறிக்கப்படுகிறது. ஆனால் நன்றியுரையில் கண்காணிப்பாளரின் பெயரைச் சொல்லி ‘உள்ளே நுழைய அனுமதித்தவர்’ என்று எழுதினால் மருத்துவமனை எது என்பது உடனே தெரிந்துவிடும். மருத்துவமனை தெரிந்தால், ‘இரட்டைக் குழந்தைகளின் தாய், 22 ஆண்டுப் பணி அனுபவம்’ என்று ஐந்தாம் இயலில் வரும் செவிலியர் யாரென்று அவருடன் பணியாற்றுபவர்களுக்கு விளங்கிவிடும். மூன்றாம் மாடி, மூத்த செவிலியர் என்ற கதைக் குறிப்புகள் அந்த வேலையை இன்னும் எளிதாக்குகின்றன. அறநெறிக் குழு ஆய்வு முறையையும் படிவங்களையும் பார்த்து ஒப்புதல் தருகிறது. பல ஆண்டுகள் கழித்து எழுதப்படும் நன்றியுரை அதன் கண்ணில் படுவதில்லை. எனவே இங்கே அடையாளத்தைக் காப்பது ஆய்வாளருடைய பொறுப்பு. ‘பெயர் குறிப்பிட இயலாத 32 செவிலியர்களும், அவர்களைச் சந்திக்க வழிசெய்த நிர்வாகமும்’ என்று நிறுத்திக்கொள்வதே சரி. கண்காணிப்பாளருக்கு ஆய்வேட்டின் ஒரு படியோடு தனிக்கடிதம் எழுதி நன்றி சொல்லலாம்.

பெயர் சொல்லக்கூடியவர்களிடமும் முன்கூட்டியே கேட்பது நல்லது. ஒருவர் பெயரை நன்றியில் படிப்பவர், அவர் ஆய்வின் முடிவுகளையும் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக்கூடும். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு இந்தக் காரணத்துக்காகவே, கட்டுரைகளில் நன்றி பெறுவோரிடம் எழுத்துவழி இசைவு வாங்கும்படி பரிந்துரைக்கிறது. ஆய்வேட்டுக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாது, காரணம் பொருந்தும். நான்காம் இயலைப் படித்தவரிடம், ‘அந்த இயலைப் படித்துக் குறை சொன்னவர் என்று உங்களைக் குறிப்பிடலாமா?’ என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் போதும். ‘எஞ்சிய பிழைகள் என்னுடையவை’ என்ற வழக்கமான வாக்கியத்துக்கு உரிய இடமும் அவர் பெயரை அடுத்துத்தான். கையெழுத்துப்படியை யாருமே படிக்காத ஆய்வேட்டில் அந்த வாக்கியத்துக்குப் பொருளில்லை.

தேர்வாளர்களை முதல் சமர்ப்பிப்பில் பெயர் சொல்லிக் குறிப்பிடக்கூடாது; பல இடங்களில் அவர்கள் யாரென்று ஆய்வாளருக்குத் தெரியவே கூடாது. வாய்மொழித் தேர்வுக்குப் பிந்தைய திருத்தப்படியில், வழக்கம் இடம்கொடுத்தால், சேர்க்கலாம்.

சமர்ப்பணப் பக்கத்தில் போட்டி வேறு மூன்றுக்கு இடையே: பெயர் மட்டும், காரணத்தோடு கூடிய வாக்கியம், செய்யுள் அல்லது மேற்கோள். தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. நான்காம் வேற்றுமை உருபே ‘இது உனக்கு’ என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘அம்மாவுக்கு’ என்று எழுதினால் வாக்கியம் நிறைந்துவிடும். சமர்ப்பணம், காணிக்கை, படையல் என்று எந்தத் தலைப்பும் அதற்கு மேல் வேண்டியதில்லை. காணிக்கையும் படையலும் வழிபாட்டு வாடை கொண்டவை என்பதையும் மறக்க வேண்டாம். மறைந்தவருக்கு ‘நினைவுக்கு’ அல்லது ‘நினைவாக’ என்று ஒரு சொல் கூடும், அவ்வளவுதான்.

‘தன் கனவுகளை எரித்து எனக்கு ஒளிதந்த அம்மாவுக்கு’ என்பது காரணம் சொல்லும் வகை. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வரி அம்மாவோடு பேசவில்லை. அம்மாவைப் பற்றி மற்றவர்களிடம் பேசுகிறது. செய்யுள் வகையில் சிக்கல் எளிமையானது: கவிஞரின் குரல் வந்து பக்கத்தை எடுத்துக்கொள்கிறது, சமர்ப்பணம் பெறுபவர் பின்னால் போய்விடுகிறார். ஆய்வுப் பொருளோடு நேரடித் தொடர்புள்ள ஒரு வரி என்றால் அதற்கு முதல் இயலின் முகப்பில் இடம் கொடுக்கலாம்.

நம் ஆய்வாளர் முதலில் ‘இரவில் விழித்திருப்பவர்களுக்கு’ என்று எழுதினார். அழகான தொடர்தான், ஆனால் அந்த 32 பேரைப் பற்றி ஐந்தாம் இயலில் கடுமையான சில முடிவுகளும் இருந்தன. அவற்றைப் படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பும் செவிலியருக்கு அந்தச் சமர்ப்பணம் எப்படித் தோன்றும் என்று யோசித்து அதை அடித்தார். ‘அம்மாவுக்கு’ என்று மட்டும் எழுதி, தலைப்பும் பக்க எண்ணும் இல்லாமல், தாளின் மேல்பகுதியில் நடுவே வைத்தார். பிறகு நன்றியுரையின் கடைசிப் பத்தியைத் திறந்தார். கணவரைப் பற்றிய வரியை, ‘எழுத்தாக்கப்பட்ட 32 நேர்காணல்களையும் ஒலிப்பதிவோடு ஒப்பிடும்போது உரக்கப் படித்தவர்’ என்று மாற்றி வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு இரண்டாம் முறை நன்றி சொன்ன நான்கு வரிகளையும் நீக்கினார்.