பழைய போட்டோவைச் சரிசெய்யக் கொடுப்பவர்கள், படத்தில் உள்ள முகத்தைச் சோதித்து வாங்குங்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் பழைய குடும்பப் படத்தைப் புதுசாக்கித் தருகிறோம் என்று போர்டு வைத்திருக்கும் கடைகளில் கொடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் ஆயாவின் படத்துக்கு 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு வேறு யாரோ ஒரு பெண்ணின் முகத்துக்குப் பிரேம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் "ரெஸ்டோர் பண்ணா அப்படித்தான் சார் வரும்" என்கிறார்கள்.

தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்த காலத்தில், 1950களின் கடைசியில், குடும்பத்தோடு எடுத்த கருப்பு வெள்ளைப் படம் அது. தடித்த அட்டையில் ஒட்டியது, குறுக்கே ஒரு விரிசல், ஓரமெல்லாம் பூஞ்சைப் புள்ளி. விரிசலையும் புள்ளியையும் எடுத்துவிட்டு, கலர் போட்டுப் பெரிதாக்கித் தரச் சொன்னோம், அவ்வளவுதான். வந்த படத்தைப் பார்த்ததும் பெரிய அத்தை "இது எங்கம்மா இல்லடா" என்று சொல்லிவிட்டார். ஆயாவின் கன்னத்தில் அம்மைத் தழும்பு உண்டு, அது மாயமாகிவிட்டது. இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பார், அதில் ஒன்றைக் காணோம்.

நடந்தது இதுதான். GFPGAN, CodeFormer மாதிரி முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருள்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. இவை ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகியவை. மங்கிய முகத்தைக் கொடுத்தால், இந்த இடத்தில் கண் இப்படி இருக்கும், தோல் இப்படி இருக்கும் என்று ஊகித்து வரைந்துவிடும். தழும்பு அதன் கணக்கில் கறை, எனவே துடைத்துவிடும். உங்கள் படத்தில் அழிந்துபோன நுணுக்கத்தை அது மீட்டெடுப்பதில்லை, இல்லாததைப் புதிதாக உண்டாக்குகிறது.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். எங்கள் பிரிண்டில் ஆயாவின் முகம் 9 மில்லிமீட்டர் உயரம்தான். 600 dpi-யில் ஸ்கேன் செய்தால் அது சுமார் 210 பிக்சல்தான், அதில் இமை முடி தனித்தனியாகத் தெரிவது கடினம். கடைக்காரர் கொடுத்த படத்தில் கண் இமை முடி ஒவ்வொன்றாகத் தெரிகிறது! சில பழைய பிரிண்ட்களில் நிஜமாகவே அவ்வளவு நுணுக்கம் இருக்கும், அதனால் பிக்சல் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நல்ல பூதக்கண்ணாடி வைத்து ஒரிஜினலைப் பாருங்கள். அங்கே இமை முடி தெரியாவிட்டால், சரிசெய்த படத்தில் இருப்பது கற்பனை. எங்கள் ஒரிஜினலில் கண் இருந்த இடத்தில் ஒரு கரிய நிழல்தான் இருந்தது.

அப்புறம் முகத்தையும் அதை ஒட்டிய காது, கழுத்து, சேலையையும் சேர்த்துப் பாருங்கள். முகம் நேற்று எடுத்த செல்ஃபி மாதிரி வழவழ என்று இருக்க, காதுத் தோடு மட்டும் மங்கலாக, பொடிப்பொடியான குருணையோடு இருந்தால், முகத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வெளிச்சமும் காட்டிக்கொடுக்கும். எங்கள் படத்தில் மூக்கின் நிழல் படத்தின் இடப்பக்கம் விழுகிறது, அதாவது விளக்கு வலப்பக்கம். புதுக் கண்களில் பளபளக்கும் வெள்ளைப் புள்ளியோ இடப்பக்கம் இருக்கிறது.

கலரும் அப்படித்தான். எல்லோருக்கும் ஒரே கோதுமை நிறத் தோல், தாத்தாவின் விரல்கள் மட்டும் சாம்பல், சேலையின் நிறம் நாற்காலிக் கை மேலே வழிந்திருக்கிறது. சேலையை மெரூன் ஆக்கியிருந்தார்கள், அத்தையோ அது பாட்டில் பச்சை என்று அடித்துச் சொல்கிறார். கருப்பு வெள்ளைப் படத்தில் இந்த இரண்டுமே ஒரே கரும் சாம்பலாக விழலாம், எந்த மென்பொருளாலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. சேலையைக் கண்ணால் பார்த்த மனிதர் வீட்டிலேயே இருக்கிறார், கலர் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "வேணும்னா திரும்பப் பண்ணித் தர்றோம்" என்றார்கள், அதே மென்பொருளில்தான். கை வைக்காத ஸ்கேனைக் கேட்டேன், அழித்துவிட்டார்களாம். நல்ல வேளை, ஒரிஜினல் கிழியாமல் திரும்பி வந்தது.

பிறகு பெரம்பூரில் தெரிந்த ஒருவர் விரிசலையும் புள்ளிகளையும் மட்டும், பக்கத்தில் இருந்த குருணையை எடுத்து நிரப்பிக் கையாலேயே சரிசெய்து கொடுத்தார். முகம் மங்கலாகத்தான் இருக்கிறது, ஆனால் தழும்போடு இருக்கிறது.

கொடுக்கும்போதே ஒரிஜினலை உங்கள் கண் முன்னால் ஸ்கேன் செய்யச் சொல்லி, தரம் குறையாமல் சேமிக்கும் TIFF ஃபைலாக அதை முதலில் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். முகத்தைத் தொடக்கூடாது என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் படத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.