தள்ளும் மூச்சா, இழுக்கும் மூச்சா?

ஆயர் ஈத்தாமில் மழை விட்ட மாலைகளில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு தேரை வந்து உட்காரும். போன வாரம் டியூஷனுக்கு வந்த நான்காம் படிவ மாணவி ஒருத்தி அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இது எங்கேயோ ஓடிட்டு வந்த மாதிரி மூச்சு வாங்குதே" என்றாள். தாடைக்குக் கீழே தோல் அத்தனை வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது. எண்ணிப் பாரு என்றேன். ஒரு நிமிடம் முடிவதற்குள் எண்பதைத் தாண்டியது, கணக்கை விட்டுவிட்டாள்.

அந்தத் துடிப்புகளில் பெரும்பாலானவை நுரையீரலுக்குப் போகும் மூச்சே இல்லை. மூக்குத் துளை திறந்தே இருக்க, வாயின் தரை இறங்கி ஏறுகிறது. வாய்க்குள் இருக்கும் காற்று மட்டும் மாறுகிறது. நுரையீரலின் கதவான குரல்வளைத் துளை அப்போது மூடியே கிடக்கும். எஸ்பிஎம் விடைத்தாளில் பிள்ளைகள் வழுக்கும் இடம் இதுதான். தொண்டை ஒரு தடவை துடித்தால் ஒரு மூச்சு என்று எழுதிவிடுவார்கள்.

நிஜமான நுரையீரல் மூச்சைப் பார்க்கவேண்டுமானால் தொண்டையை விட்டுவிட்டு, முன்னங்காலுக்குப் பின்னால் இருக்கும் விலாப்பக்கத்தைப் பாருங்கள். சிறு துடிப்புகளுக்கு நடுவே திடீரென்று ஒரு பெரிய அசைவு வரும். விலாப்பக்கம் ஒடுங்கி, உடனே உப்பும். அந்த ஒரு நொடிக்குள் நடப்பது இது: முதலில் வாயின் தரை தாழ்ந்து, மூக்கு வழியாகப் புதுக் காற்று வாய்க்குள் வருகிறது. அடுத்து குரல்வளைத் துளை திறக்க, நுரையீரலில் இருந்த பழைய காற்று தானாகவே சுருங்கும் பலூனில் இருந்து வருவதுபோல் பீறிட்டு, வாயைக் கடந்து மூக்கு வழியே வெளியேறுகிறது. அப்புறம் மூக்குத் துளைகள் மூடிக்கொள்கின்றன. வாயின் தரை மேலெழும்பி, அங்கே காத்திருந்த காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. கடைசியாகக் குரல்வளைத் துளை மூடும், மூக்கு திறக்கும். சைக்கிள் டியூபுக்குக் காற்றடிப்பதும் இதுவும் ஒன்றுதான். வரும் காற்றும் போகும் காற்றும் வாய்க்குள் கொஞ்சம் கலந்துபோகத்தான் செய்யும். அது இந்த ஏற்பாட்டின் குறை.

நம்முடைய வேலை நேர்மாறு. நாம் காற்றைத் தள்ளுவதே இல்லை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கி, விலா எலும்புகள் மேலே எழும்பி, மார்புக் கூடு விரிகிறது. நுரையீரலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சிறிதளவு குறைகிறது. பாதரசக் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அது போதும், காற்று தானே உள்ளே வந்துவிடும். தவளைக்கு உதரவிதானமும் கிடையாது, விரிந்து சுருங்கும் விலா எலும்புக் கூடும் கிடையாது. இழுக்க வழியில்லாததால் தள்ளுகிறது.

இந்த வித்தியாசத்தின் விளைவு உடைந்துபோகும்போதுதான் நன்றாகத் தெரியும். மனிதனின் மார்பில் துளை விழுந்தால் நுரையீரல் சுருங்கிப் படுத்துவிடும், ஏனென்றால் அதை விரித்து வைத்திருப்பதே அதைச் சுற்றியுள்ள குறை அழுத்தம்தான். தவளைக்கு அந்தக் கவலை இல்லை. வயிற்றைத் திறந்தாலும் குரல்வளைத் துளை மூடியிருந்தால் நுரையீரல் உப்பியே நிற்கும். ஆனால் அதன் வாயைத் திறந்து பிடித்துவிட்டால் கதை முடிந்தது. வாய் திறந்த பம்ப்பில் அழுத்தம் ஏறாது. நாமோ வாயைப் பிளந்துகொண்டே மூச்சு விடலாம், பேசலாம், பாடலாம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் நம்முடையதே மேலான ஏற்பாடு என்று தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் பாடம் நடத்தினேன். தோலைக் கணக்கில் சேர்த்த பிறகு அது அவ்வளவு சுலபமான தீர்ப்பு இல்லை.

1904-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் க்ரோக், தவளையின் தோலையும் நுரையீரலையும் தனித்தனியாக அளந்து காட்டினார். ஆக்சிஜன் பெரும்பாலும் நுரையீரல் வழியாக வருகிறது. கரியமில வாயு பெரும்பாலும் தோல் வழியாகப் போகிறது. ஈரமான திசுவுக்குள் கரியமில வாயு ஆக்சிஜனைவிடச் சுமார் 20 மடங்கு சுலபமாக ஊடுருவும் என்பதே காரணம். அதனால் தவளையின் பம்ப்புக்குப் பாதி வேலைதான். கழிவு வாயுவை வெளியேற்றும் பொறுப்பைத் தோல் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. நுரையீரலுக்கு எப்போதாவது ஒரு தள்ளு கொடுத்தால் போதும். எங்கள் வீட்டுத் தேரையின் தோல் தவளையினுடையதைவிடத் தடித்தது, சொரசொரப்பானது. அது நுரையீரலை இன்னும் அதிகமாக நம்பியிருக்கிறது. ஆனாலும் ஈரமான சிமெண்டுத் தரையைத் தேடி வருகிறது. தோல் காய்ந்தால் இந்த வழி அடைபடும்.

நம் தோலால் ஏன் முடியவில்லை? ஒரு கணக்குப் போடலாம். 50 கிராம் தவளைக்குத் தோலின் பரப்பு ஏறக்குறைய 135 சதுர சென்டிமீட்டர், அதாவது கிராமுக்கு 2.7. 70 கிலோ மனிதனுக்குச் சுமார் 18,000 சதுர சென்டிமீட்டர், கிராமுக்கு 0.26. பத்தில் ஒரு பங்கு. போதாததற்கு நம் மேல்தோல் காய்ந்த, இறந்த செல்களின் அடுக்கு. உடலும் சூடானது, ஓயாமல் எரிவது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் கரியமில வாயு சேர்கிறது. அத்தனையும் மூச்சுக்குழாய் வழியாகத்தான் போயாகவேண்டும். அதற்குத்தான் மூச்சுக்கு 500 மி.லி. வீதம், நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவையாவது காற்றை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். அதிலும் சுமார் 150 மி.லி. குழாய்களிலேயே தங்கித் திரும்பிவிடும்.

சரி, மனிதன் தவளை மாதிரி மூச்சு விட்டுப் பார்த்ததுண்டா? உண்டு. இளம்பிள்ளைவாதத்தில் உதரவிதானமும் விலாத் தசைகளும் செயலிழந்தவர்கள், 1928-இல் வந்த இரும்பு நுரையீரல் என்னும் பெட்டிக்குள் படுத்திருந்தார்கள். பெட்டி உடலைச் சுற்றி அழுத்தத்தைக் குறைத்து மார்பை விரித்தது, அதாவது இழுக்கும் முறை. 1952-இல் கோபன்ஹேகனில் நோய் பரவியபோது பெட்டிகள் போதவில்லை. மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைத் தள்ளச் சொன்னார். மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவும் பகலும் அமுக்கினார்கள். இன்று மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் வென்டிலேட்டரும் தள்ளும் கருவிதான். அழுத்தம் கூடினால் நுரையீரல் காயப்படும், மார்புக்குள் இரத்தம் திரும்பி வருவதும் குறையும். இழுக்கும் மூச்சில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

அதே காலத்தில் சில நோயாளிகள் எந்தக் கருவியும் இல்லாமல், நாக்காலும் தொண்டையாலும் காற்றை வாய் வாயாக விழுங்கி நுரையீரலுக்குள் தள்ளக் கற்றுக்கொண்டார்கள். இதற்குத் தவளை மூச்சு என்றே பெயர். ஒரு விழுங்கலில் 70 மி.லி. உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விழுங்கல் குழாயை நிரப்பவே சரியாகிவிடும். 500 மி.லி. மூச்சுக்கு ஏழு விழுங்கல் வேண்டும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு மூச்சு என்றால் 84. தேரைக்கு உதவும் தோல் இவர்களுக்கு உதவாது, ஆகவே அந்த எண்பத்து நான்கும் வீணாகாமல் நுரையீரலுக்குப் போய்ச் சேரவேண்டும். அப்படியும், இதில் தேர்ந்தவர்கள் பெட்டியை விட்டு வெளியே வந்து சில மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.