விலைப்பேச்சை எழுதி, திருத்தி, பிறகு அனுப்புவது: இரண்டு வருட அனுபவம்

களுவாஞ்சிகுடியில் வீட்டோடு சேர்த்து மிளகாய்த்தூள், அரிசிமா, குரக்கன்மா அரைத்து பைக்கற் போட்டு மட்டக்களப்பு, கல்முனைப் பக்கக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். அச்சடித்த பவுச் கொழும்பிலிருந்து வருகிறது. பேச்செல்லாம் வட்ஸ்அப்பில்தான். 2024 தொடக்கத்திலிருந்து அந்த மெசேஜ்களை வந்தபடி அனுப்புவதில்லை. முதலில் போனில் உள்ள நோட்டில் மனதில் தோன்றியபடி எழுதிவிடுவேன். அடுத்த நாள் காலை அதைத் திருத்தி எழுதி, பிறகுதான் அனுப்புவேன். வட்ஸ்அப் பெட்டிக்குள்ளேயே எழுதினால் விரல் பட்டு அரைகுறையாகப் போய்விடும், அதனால்தான் நோட்.

இந்தப் பழக்கத்துக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு நட்டம். அந்த வருடம் ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. நான் 5,000 பவுச்சை ஒன்று 20 ரூபாப்படி பேசி முடித்திருந்தேன். ஒரு லட்சம் என்று காசை ஒதுக்கி வைத்தேன். பில் 1,18,000 என்று வந்தது. அவர்கள் சொன்ன விலை வற் சேர்க்காதது. நான் வற்றுக்குப் பதிந்தவள் இல்லை என்பதால் அந்த 18,000 ரூபாவைத் திரும்பக் கழிக்க வழியும் இல்லை. பழைய மெசேஜ்களைத் திரும்ப வாசித்தேன். "இருபதுக்குத் தாங்க அண்ணன்", "சரி தங்கச்சி" என்பதைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. அவர்கள் ஏமாற்றவில்லை, நான் கேட்கவில்லை.

2024 ஒக்டோபரில் நடந்த ஒரு பேச்சை முழுதாகச் சொல்கிறேன். தைப்பொங்கலுக்கு அரிசிமா நன்றாக ஓடும், அதற்கு 10,000 பவுச் வேண்டும். வற் எல்லாம் சேர்த்து ஒன்று 24 ரூபா, முழுக்காசும் முன்கூட்டியே, 30 நாள், லொறிக்கூலி என் கணக்கு என்று விலை வந்தது. நோட்டில் நான் எழுதியது இது:

"அண்ணன் 24 கூட. 21க்குத் தர ஏலுமா? கொஞ்சம் கெதியா அனுப்புங்க, மழை வரப்போகுது. காசு பாதி இப்ப தாறன்."

காலையில் வாசிக்கும்போது, இதற்கு "ஏலாது தங்கச்சி" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம் என்று தெரிந்தது. 21 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு காரணமும் இல்லை. "கெதியா" என்றால் எனக்கு இருபது நாள், அவருக்கு இருபத்தெட்டு நாளாகவும் இருக்கலாம். சரி, எனக்காக அவர் எதைக் குறைக்க முடியும் என்று யோசித்தேன். அங்கேதான் விஷயம் கிடைத்தது. இந்த மாதிரி அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் வெட்டுவார்கள். முதல் ஓடரிலேயே அதற்குத் தனியாகக் காசு கட்டியிருந்தேன். இது மறு ஓடர், டிசைனும் அதேதான். சிலிண்டர் வெட்டவும் மாதிரி பார்க்கவும் போகிற நாட்கள் அவருக்கு மிச்சம். அப்படியானால் 30 நாள் தேவையில்லை. முதல் தடவை 5,000, இப்போது 10,000. மெஷினை ஒருதரம் பூட்டிச் சரிப்படுத்துகிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். இந்த இரண்டும் என் பக்கத்து நியாயங்கள். திருத்தி அனுப்பியது:

"வணக்கம் அண்ணன். விலை கிடைத்தது, நன்றி. போன தடவை பவுச்சின் ஒட்டு நல்ல உறுதியாக இருந்தது, அதனால் இந்த முறையும் உங்களிடமே எடுக்க விருப்பம். சிலிண்டர் உங்களிடம் இருக்கிறது, டிசைனில் மாற்றம் இல்லை, அளவும் இரட்டிப்பு. அதனால் வற் சேர்த்து 21.50 ரூபாப்படி 10,000 எடுக்கிறேன். முற்பணம் பாதி கட்டிய நாளிலிருந்து 21 நாளில் சரக்கு புறப்பட வேண்டும். மீதியை, கட்டிய பெட்டிகளின் படம் பார்த்த அன்றே போடுவேன். கார்த்திகை மழையில் பொலன்னறுவைப் பக்கம் வீதியில் வெள்ளம் ஏறினால் லொறி நின்றுவிடும், அதுதான் நாளில் இறுக்கமாக இருக்கிறேன். லொறிக்கூலியை நீங்கள் ஏற்றால் உதவி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் தந்தால் திங்கள் காசு போடுகிறேன்."

நான் அதிகம் யோசித்த வரி "முற்பணம் கட்டிய நாளிலிருந்து" என்பது. 21 நாள் என்று மட்டும் எழுதினால் அது எந்த நாளிலிருந்து என்பது அவரவர் வசதிக்குப் போய்விடும். ஓடர் சொன்ன நாளா, காசு வந்த நாளா, டிசைனுக்கு நான் சரி சொன்ன நாளா? புது டிசைன் என்றால் கடைசிதான் சரி, ஏனென்றால் அதுவரை அவரால் வேலை தொடங்க முடியாது. மறு ஓடரில் காசு வந்த நாளே போதும். "புறப்பட வேண்டும்" என்ற சொல்லும் அப்படித்தான். வீதியில் நடப்பதற்கு அவர் பொறுப்பில்லை, தொழிற்சாலையில் நடப்பதற்குப் பொறுப்பு உண்டு.

பதில் அன்று மாலையே வந்தது. "21.50 கட்டாது தங்கச்சி. 22.50 போடுவம். 24 நாள் தாங்க. லொறி எங்கட கணக்கு. பாதிப் பாதி சரி." நான் உடனே ஒத்துக்கொண்டேன். 10,000 பவுச்சில் 15,000 ரூபா குறைந்தது, அதோடு லொறிக்கூலி 6,500. ஒக்டோபர் 7ஆம் திகதி முற்பணம் போட்டேன். 31ஆம் திகதி தீபாவளி என்பதால் சரக்கு புறப்பட இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த நாளை நானே பார்த்து எழுதியிருக்க வேண்டும். இப்போது நாள் குறிக்கும் முன் கலண்டரில் போயாவையும் விடுமுறையையும் பார்க்கிறேன். நவம்பர் கடைசியில் பெருவெள்ளம் வந்தபோது பவுச் எல்லாம் அறைக்குள் இருந்தது.

எல்லாம் இப்படிச் சரியாக வந்ததில்லை. தொடக்கத்தில் திருத்துவது என்றால் மரியாதையை ஏற்றுவது என்று நினைத்து, "தங்களின் மேலான கவனத்திற்கு" என்றெல்லாம் எழுதினேன். "என்ன தங்கச்சி, கோவமா?" என்று போன் எடுத்துக் கேட்டார். அண்ணன், தங்கச்சி என்று பேசுகிற இடத்தில் அந்த உறவை எடுத்துவிட்டால் சண்டைக்குத் தொடக்கம் போலத் தெரிகிறது. அழைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கேட்பதை மட்டும் தெளிவாக்கினால் போதும். "கொஞ்சம்", "முடிஞ்சா", "பாருங்களன்" ஆகிய மூன்றையும்தான் இப்போது வெட்டுகிறேன்.

இன்னொரு தடவை, "வேறிடத்தில் 19 ரூபாவுக்குத் தருகினம்" என்று அவருக்கு எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் எத்தனை மைக்ரோன் என்று அவர் கேட்டபோது, அந்த 19 ரூபா பவுச் மெல்லியது என்று அப்போதுதான் பார்த்தேன். மிளகாய்த்தூளுக்கு அது ஆகாது, வாசம் போய்விடும். மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு தடிப்பும் அளவும் ஒன்றாக இல்லாத விலையை ஒப்பிட்டு எழுதுவதே இல்லை.

செத்தல் மிளகாய் வாங்குவதற்கு இந்தப் பழக்கம் உதவவில்லை. மட்டக்களப்புச் சந்தையில் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. நான் திருத்தி முடிக்கும் முன் சரக்கு போய்விடும். அங்கே போனில் பேசி முடித்த கையோடு, "பேசினபடி 50 கிலோ, கிலோ இவ்வளவு, நாளை பத்து மணிக்குள்" என்று இரண்டு வரி மட்டும் அனுப்புகிறேன். அதற்கு "ஓம்" என்று வந்தால்தான் மறுநாள் ஓட்டோவை அனுப்புவேன்.