இலவசமாக அமைத்துத் தந்த இருப்புக் கணக்கு: அழகு நிலையம் நடத்துவோர் கவனத்துக்கு

என் அழகு நிலையத்தின் பின்னறை அலமாரியில் இப்போது தலைமுடிச் சாய டியூப்கள் கதவை மூட முடியாத அளவுக்கு அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. கணிப்பொறி கேட்டது, நான் வாங்கினேன். கணிப்பொறியைக் கேட்க வைத்தது யார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு 12 வாரங்கள் ஆயின.

எங்களுக்குச் சாயம் விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், "உங்கள் மென்பொருளில் இருப்புக் கணக்கை நானே அமைத்துத் தருகிறேன், காசு வேண்டாம்" என்றார். ஒவ்வொரு சேவைக்கும் எந்தப் பொருள் எவ்வளவு செலவாகும் என்று பதிந்துவிட்டால், பில் போடும்போதெல்லாம் அந்த அளவு இருப்பிலிருந்து தானாகக் கழியும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே போனால் ஆர்டர் பட்டியல் தயாராகிவிடும். யோசனை அருமையானதுதான், அதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சரக்கு விற்பவர் கையிலேயே அளவைத் தீர்மானிக்கும் பேனாவையும் கொடுத்தேனே, அது என் புத்தி.

எங்களிடம் அதிகம் போவது 4ஆம் எண் பழுப்பு நிறம். வாரத்துக்குச் சராசரியாக 12 பேர் அந்த நிறத்தில் ரூட் டச்அப் செய்துகொள்கிறார்கள். பிரதிநிதி ஒவ்வொருவருக்கும் ஒரு முழு டியூப், அதாவது 60 கிராம், என்று பதிந்தார். "மிச்சம் காற்றுப்பட்டுக் கெட்டுவிடும், ஒரு டியூப் என்றே கணக்கு வையுங்கள்" என்று விளக்கமும் கொடுத்தார். டெவலப்பருடன் கலந்த சாயத்துக்குத்தான் அது பொருந்தும். கலந்ததை எடுத்து வைக்க முடியாது. கலக்காமல் டியூபிலேயே இருக்கும் மிச்சத்தை அடியிலிருந்து உருட்டி, காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கி வைத்தால் அடுத்தடுத்த வாடிக்கையாளருக்குத் தாராளமாகப் பயன்படும். என் பெண்கள் அப்படித்தான் செய்துவந்தார்கள். கணக்கு மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது.

அலமாரி நிறைவதைப் பார்த்து எனக்கு முன்பே உறுத்தியது. ஆனால் நான் சரிபார்க்க எடுத்தது தவறான பொருளை. டெவலப்பர் புட்டிகளை எண்ணினேன். ஏட்டுக் கணக்கும் கையிருப்பும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அப்படியானால் எல்லாமே சரி என்று நம்பிவிட்டேன். இதற்கிடையில் கையுறை மட்டும் கணக்கைவிட வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. சேர்ந்து சில மாதங்களே ஆன உதவிப் பெண்ணிடம், "கையுறை எல்லாம் எங்கேதான் போகிறது?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். "அக்கா, சாயம் பூச ஒரு ஜோடி, தலையை அலச இன்னொரு ஜோடி" என்றாள். பதிவில் ஒரு ஜோடிதான் இருந்தது. (கையுறையை அவர் நிறுவனம் விற்பதில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.)

அன்று மாலையே சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி வந்தேன். காலிக் கிண்ணத்தை வைத்து எடையைப் பூச்சியமாக்கி, சாயத்தைப் பிழிந்ததும் எடையைக் குறித்துக்கொண்டு, பிறகு டெவலப்பர் ஊற்றச் சொன்னேன். 20 பேருக்கு இப்படி எழுதினோம். ரூட் டச்அப்புக்குச் சராசரி 35 கிராம். முடி அடர்த்தியானவர்களுக்கும் 45ஐத் தாண்டவில்லை. வாரத்துக்கு 12 பேர் என்றால் 420 கிராம், அதாவது 7 டியூப். மென்பொருளோ வாரம் 12 டியூப் கழித்துக்கொண்டிருந்தது. வாரம் 5 டியூப் வீதம் 12 வாரத்தில் 60 டியூப்கள் ஏட்டில் "செலவாகி", அலமாரியில் உட்கார்ந்திருந்தன.

டெவலப்பர் ஏன் பொருந்தியது என்ற கேள்விதான் எனக்கு முழு விஷயத்தையும் விளக்கியது. நாங்கள் பயன்படுத்தும் வகையில் ஒரு பங்கு சாயத்துக்கு ஒன்றரைப் பங்கு டெவலப்பர். 35 கிராமுக்கு 52 மில்லி சொச்சம். சிந்துவதையும் சேர்த்தால் 60க்குப் பக்கத்தில் வரும். அவர் பதிந்ததும் 60 மில்லிதான். அப்படியென்றால் அவருக்கு உண்மையான அளவு தெரிந்திருக்கிறது! 60 கிராம் சாயம் உண்மையானால் 90 மில்லி பதிந்திருக்க வேண்டும். 12 வாரத்தில் ஏட்டின்படி 144 டியூப் செலவு. அதைக் கலக்க ஏறத்தாழ 13 லிட்டர் டெவலப்பர் வேண்டும். அதே ஏடு 8.64 லிட்டர்தான் செலவு என்றது. அலமாரியைத் திறக்காமலே, இரண்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பொய் தெரிந்திருக்கும். சேர்த்துக் கலக்கும் பொருள்கள் உங்களிடம் இருந்தால் முதலில் இந்தப் பொருத்தத்தைப் பாருங்கள்.

மறு ஆர்டர் அளவிலும் இதே கைவண்ணம். சரக்கு வந்து சேர 14 நாள் என்று பதிந்திருந்தார். என் பழைய ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன்: வழக்கமாக 4 நாள், மிகவும் தாமதமானபோது 6 நாள். இரண்டு வாரச் செலவு 24, அதற்கு மேல் பாதுகாப்புக்கு ஒரு வாரம் 12, ஆக 36 டியூபுக்குக் கீழே போனதும் ஆர்டர். நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு வேறு. எங்கள் மிக நெருக்கடியான வாரத்தில் 10 டியூப் போனது. அந்த வேகத்திலேயே 6 நாள் ஓடினால் 9 டியூப் போதும். 36 எங்கே, 9 எங்கே!

இந்த 9ஐயும் அப்படியே எல்லா நிறத்துக்கும் போட்டுவிட முடியாது. எப்போதாவது போகும் நிறங்களுக்குச் சராசரி, நெருக்கடி வாரம் எல்லாம் அர்த்தமில்லாதவை. அவற்றுக்கு ஒரே நாளில் எத்தனை பேருக்குத் தேவைப்படலாம் என்று பார்த்து, ஒன்றோ இரண்டோ டியூப் வைத்துக்கொள்கிறேன். தலை முழுவதும் சாயம் பூசுவதைத் தனிச் சேவையாக, அதிலும் குட்டை, நீளம் என்று பிரித்துப் பதிந்திருக்கிறேன். முன்பு எல்லாம் ஒரே பெயரில் கிடந்தன.

பிரதிநிதியை அழைத்துக் கேட்டேன். "குறையக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் போட்டேன், மேடம்" என்றார். டெவலப்பர் அளவைக் காட்டியதும் பேச்சு நின்றது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பில்லின் அடியில் இருந்த வரியை அவர் நிறுவனம் காட்டியது. பட்டியலைப் படிக்காமல் ஒவ்வொரு முறையும் சம்மதம் கொடுத்தது நான்தான் என்பதால் அதற்கு மேல் வாதாட என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. மென்பொருளில் அவருக்குக் கொடுத்திருந்த கடவுச்சொல்லை மட்டும் அன்றே மாற்றினேன். உதவிப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டேன்.

4ஆம் எண்ணைப் பற்றிக் கவலையில்லை; புதிதாக வாங்காமல் சில மாதங்களில் தீர்த்துவிடுவோம். உறுத்துவது செம்பு நிறம். அதற்கு எங்களிடம் இருப்பது ஒரே ஒரு வாடிக்கையாளர், 6 வாரத்துக்கு ஒருமுறை வருகிறார், ஒவ்வொரு முறையும் 35 கிராம். அலமாரியில் 18 டியூப் இருக்கிறது. 30 தடவைக்குக் காணும். அவர் மூன்றரை ஆண்டு தவறாமல் வந்தாலும் காலாவதித் தேதி அதற்கு முன்பே முந்திக்கொள்ளும்.