கடவுச்சொல்லை ஏற்றபின் நின்றுபோகும் சர்வர்: அணைத்துப் போடுவதா, உள்ளே நுழைந்து இடம் பண்ணுவதா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடைக்கணக்கு அங்கே ஓர் உபுண்டு சர்வரில் ஏறுகிறது. கணக்குப் பார்க்கும் பெண் போனில் சொன்னார்: "அண்ணா, பாஸ்வேர்டு தவறு என்றால் உடனே தவறு என்கிறது. சரியாகப் போட்டால் திரை ஒரு கணம் கறுத்து, பழைய பக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. அணைத்துப் போடட்டுமா?"

வேண்டாம் என்றேன். இப்படிச் சட்டென்று திரும்பி வந்தால் பெரும்பாலும் வட்டுதான் நிறைந்திருக்கும். உள்ளே விட்டதும் வரைகலைத் திரை பயனரின் அடைவில் சில சிறு கோப்புகளை எழுத வேண்டும். எழுத இடமில்லாததால் பின்வாங்குகிறது. அணைத்துப் போட்டாலும் வட்டில் உள்ளவை அப்படியே இருக்கும். அதே பக்கம்தான் வரும். எடைக்கணக்கு பாதியில் அறுபடுவதுதான் மிச்சம்.

நினைவகம் தீர்ந்தால் அடையாளம் வேறு. கடவுச்சொல்லுக்குப் பின் திரை உறைந்து நிற்கும், வட்டு விளக்கு ஓயாமல் துடிக்கும், பிங் செய்தால் மட்டும் பதில் வரும். அங்கே மறுதொடக்கம் உண்மையிலேயே பலன் தரும்.

அந்தப் பெண்ணை Ctrl+Alt+F3 அழுத்தச் சொன்னேன். எழுத்துத் திரைக்கு எதையும் எழுதிவைக்கும் தேவை மிகக் குறைவு. அதே கடவுச்சொல்லில் உள்ளே விட்டது. பிறகு இவை:

```
df -h /
df -i /
sudo du -axh --max-depth=2 /var | sort -h
```

முதல் கட்டளையில் அளவு 200, பயன்பாடு 190, மீதி 0 என்று வந்ததும் அவர் குழம்பினார். ext4 கோப்பு முறைமை இயல்பாக 5 விழுக்காட்டை நிர்வாகியான ரூட்டுக்கு ஒதுக்கிவைக்கும். அந்த 10 ஜிபிதான் சர்வரைக் கையாள நமக்குக் கிடைத்த வழி. ஆனால் நிரப்புவதே ரூட்டில் ஓடும் நிரலாக இருந்தால் அந்த ஒதுக்கீடும் கரைந்துவிடும். இரண்டாவது கட்டளை, ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்றாகத் தேவைப்படும் ஐநோடுகளுக்கு. இடம் இருந்தும் லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகளால் அவை தீர்ந்துபோவதுண்டு. இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

இடத்தை விழுங்கியது எடை மென்பொருளின் பதிவுக் கோப்பு. அதை rm கட்டளையால் அழிக்க அவசரப்படக் கூடாது. மென்பொருள் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை பெயர்தான் மறையும், இடம் திரும்பாது. உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்க வேண்டும்:

```
sudo truncate -s 0 /var/log/edai.log
```

உடனே இடம் வந்தது. வரைகலைத் திரையிலும் நுழைய முடிந்தது. அந்தக் கோப்பை, பழைய பதிவுகளை அவ்வப்போது கழிக்கும் logrotate பட்டியலில் சேர்க்காவிட்டால் மறுபடியும் நிறையும்.

ஆக, வட்டு நிறைந்தால் என் வாக்கு நுழையும் வழிக்கே. நினைவகம் தீர்ந்து எழுத்துத் திரையும் பதில் தராவிட்டால் மறுதொடக்கம் தவிர வேறு வழியில்லை. ஆனால் சர்வர் எழுந்ததும் `journalctl -k -b -1` என்று முந்தைய ஓட்டத்தின் பதிவைப் பாருங்கள். பதிவுகள் வட்டில் சேமிக்கப்பட்டு வந்திருந்து, கெர்னல் ஏதேனும் நிரலைக் கொன்றிருந்தால், `Out of memory: Killed process` என்ற வரியில் அதன் பெயர் இருக்கும். கொல்லப்பட்டது எப்போதும் குற்றவாளி அல்ல. அதற்கு மேலே உள்ள பட்டியலில் எந்த நிரல் அதிக நினைவகம் பிடித்திருந்தது என்றும் பார்க்க வேண்டும்.